1,600 சதுர அடிக்குள்

தென்காசி

அன்புள்ள சங்கரா,

உன் கடிதமும், எங்கள் புது வீட்டுக்கு நீ போட்ட முதல் வரைபடமும் வந்து சேர்ந்தன. மதினிக்கு முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், அம்மா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். இங்கே சாரல் தொடங்கிவிட்டது. மேற்கே மலை தெரியவில்லை, காற்று மட்டும் நாள் முழுக்க.

வரைபடம் அழகாகத்தான் இருக்கிறது. குற்றம் உன்மேல் இல்லை. எத்தனை அறை வேண்டும் என்று நீ கேட்டாய், நானும் எண்ணிக்கையை மட்டும் எழுதி அனுப்பினேன். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதைச் சொல்லவே இல்லை. நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆறு பேரும் உட்கார்ந்து பேசினோம். அதைத்தான் எழுதுகிறேன்.

அம்மாவிலிருந்து தொடங்குகிறேன். இடுப்பு எலும்பு முறிந்து கம்பி வைத்த பிறகு வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறாள். ராத்திரியில் இரண்டு முறை கழிப்பறைக்கு எழுந்திருப்பாள், யாரையும் எழுப்ப மாட்டாள். நீ குளியலறைக்கு 2.5 அடிக் கதவு போட்டிருக்கிறாய். இங்கே ஆசாரிகள் அதை நிலையின் வெளியளவாகத்தான் எடுப்பார்கள். இரண்டு பக்கமும் மூன்று மூன்று அங்குலச் சட்டம் போனால், உள்ளே மிஞ்சுவது 24 அங்குலம். அம்மாவின் வாக்கரை அளந்தேன், 23 அங்குலம். பிடித்திருக்கும் விரல்கள் சட்டத்தில் உரசும். ஆகவே அவள் நடமாடும் வழியில் இருக்கிற ஒவ்வொரு வாசலிலும், கதவு திறந்த பிறகு மூன்று அடி காலியாக இருக்க வேண்டும். வரைபடத்திலேயே ‘உள்ளளவு’ என்று எழுதிவிடு. குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். அவள் உள்ளே விழுந்தால் கதவைத் தள்ளித் திறக்க முடியாமல் போய்விடக் கூடாது. கீழ்ப்படி வேண்டாம், தரையின் சாய்விலேயே தண்ணீர் வடிய வேண்டும்.

அடித்தள உயரத்தில்தான் எனக்கும் அப்பாவுக்கும் சண்டை. தெருவில் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு ஏறிக்கொண்டே போகிறது, அதனால் வீடு ரோட்டிலிருந்து 2.5 அடியாவது உயர வேண்டும் என்கிறார். சரிதான். ஆனால் சாய்தளத்தில் ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்று நீதான் சொன்னாய். அப்படியானால் 30 அடி. 40க்கு 60 மனையில் அதை எங்கே வைப்பது? எனக்கு ஒன்று தோன்றுகிறது. கார் நிற்கிற இடத்தையே ரோட்டிலிருந்து 1.25 அடி உயர்த்திவிட்டால், கார் சரிவில் ஏறி வந்துவிடும். அம்மா காரிலிருந்து இறங்கிய பிறகு ஏற வேண்டியது மீதி 1.25 அடிதான், அதற்கு 15 அடிச் சாய்தளம் போதும். தார்சாவின் வடக்கு ஓரமாக அது அடங்குமா என்று பார்.

பழைய வீட்டுத் தேக்கு நிலையைத்தான் தலைவாசலுக்கு வைக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. உனக்குத்தான் தெரியுமே, நீ தலையில் இடித்துக்கொண்ட அதே நிலை. உயரம் ஐந்தரை அடி, கீழே நாலு அங்குல வாசல்படி. வாக்கர் அதைத் தாண்டாது. பூஜை அறைக்கு வைத்துக்கொள்ளலாம், அம்மா எப்படியும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்துதான் கும்பிடுகிறாள் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நேற்று, “குனிந்து போக வேண்டிய இடம்தானே அது” என்று அவரே சொல்லி முடித்துவிட்டார்.

காலை நேரத்தைச் சொல்கிறேன். அப்பா நாலரைக்கு எழுந்து தானே காப்பி போடுவார். உன் வரைபடத்தில் அடுக்களை பட்டாசலோடு திறந்து கிடக்கிறது. வெயில் காலத்தில் பிள்ளைகள் பட்டாசலில்தான் பாய் விரிப்பார்கள், அந்த விளக்கு அவர்கள் முகத்தில் அடிக்கும். நடுவே ஒரு சுவர் வேண்டும். ஆறு மணிக்கு அம்மா குளியலறைக்குள் போனால் அரை மணி நேரம். பிள்ளைகளுக்கு 7.20க்குப் பஸ். மூன்றாவது குளியலறை கேட்கவில்லை. கீழே கூடுதலாக ஒரு கழிப்பறையைத் தனியாகவும், கை கழுவும் தொட்டியை வெளியே தாழ்வாரத்திலும் வைத்துவிடு, நெரிசல் பாதி தீர்ந்துவிடும்.

அம்மாவால் இப்போது தரையில் உட்கார முடியாது, ஆனால் காய் நறுக்குகிற வேலையை யாருக்கும் விட்டுத்தரமாட்டாள். அடுக்களை மேடை என் மனைவியின் உயரத்துக்கு 34 அங்குலம் இருக்கட்டும். ஜன்னலோரம் மூன்று அடி நீளம் மட்டும் 28 அங்குலமாக இறக்கி, கீழே அலமாரி இல்லாமல் விடு. நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

என் மனைவி கேட்பது ஒன்றே ஒன்று: துணி காயப்போட இடம். சென்னையில் இருக்கிற உனக்கு இது புரியாது. ஆனியிலிருந்து ஆவணி வரை இங்கே மொட்டை மாடியில் ஒரு துண்டுகூட உலராது. மேற்குப் பக்கம் பின்கட்டில், மேலே கூரை, பக்கங்களில் கம்பி அழி, கூரை நன்றாக வெளியே நீண்டு சாரலைத் தடுக்க வேண்டும். மழை உள்ளே வராமலிருந்தால் காற்று உலர்த்திவிடும். பங்குனி சித்திரையில் சாயங்கால வெயிலை இந்தப் பின்கட்டே தாங்கிக்கொள்ளும், உள்சுவர் சுடாது.

இனிப் பணம். கையில் உள்ளது மொத்தம் 48 லட்சம். பழைய வீட்டுப் பங்கு 15, சேமிப்பு 8, மீதி 25 வங்கிக் கடன். எனக்கு ஓய்வு பெற இன்னும் 13 வருஷம்தான். அதற்குள் அடைக்க 8.5 சதவீத வட்டியில் மாதம் ஏறக்குறைய 26,500 ரூபாய். இதற்கு மேல் ஒரு ரூபாய் கடன் வாங்க மாட்டேன்.

மேஸ்திரி சதுர அடிக்கு 2,300 சொல்கிறார். நீ வரைந்திருப்பது 2,100 சதுர அடி, அதற்கே 48.3 லட்சம் ஆகிவிடும். அந்த விலையில் சேராதவை எத்தனை! நிலத்தடித் தொட்டிக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் 2 லட்சம், சுற்றுச்சுவர், கேட் இரண்டரை, ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் ஒன்றரை, அனுமதிக்கும் மின் இணைப்புக்கும் 1.2, உனக்கு ஒன்றரை (வேண்டாம் என்று எழுதாதே, அப்பா வேறு ஆளைப் பார்க்கச் சொல்வார்). இவையே 8.7 லட்சம். எதிர்பாராத செலவுக்கு இரண்டரையாவது ஒதுக்காவிட்டால் ஜன்னல் வைக்கும் கட்டத்தில் வேலை நின்றுவிடும். எதிர் வீட்டுக்காரருக்கு அதுதான் நடந்தது, எட்டு மாதமாகச் சாக்குத் தொங்குகிறது. ஆக, கட்டடத்துக்கு 36.8 லட்சம், அதாவது 1,600 சதுர அடி. கீழே 1,150, மாடியில் பிள்ளைகளுக்கு 450.

எதைக் குறைக்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். நீ போட்ட விருந்தினர் அறை வேண்டாம். வருகிறவர்கள் பட்டாசலில் படுப்பார்கள், நீயும்தான். அலமாரிகளுக்குக் கடப்பைக் கல் பலகை போதும், கதவு பிறகு போட்டுக்கொள்கிறோம். மாடிப்படியின் கைப்பிடியில் கண்ணாடி வேண்டாம். அம்மாவின் அறையை மட்டும் ஓர் அடிகூடக் குறைக்காதே.

ஆடியில் வா, மனையை நேரில் பார். அந்த அறை ஜன்னலைப் பற்றி அம்மா உன்னிடம் கேட்கச் சொன்னாள்: கட்டிலில் படுத்தபடியே தெருவில் போகிற ஆளின் முகம் தெரிய வேண்டுமாம். நீ மூன்று அடி உயரத்தில் ஜன்னலைத் தொடங்கியிருக்கிறாய். இரண்டடிக்கு இறக்கினால் தெரியுமா?

அன்புடன்,
உன் மணி