மணிக்குக் கோட்டும் கூண்டும் வாங்கும் முன்

அன்புள்ள மகளுக்கு,

நம் நாய் மணியை அளந்து நீ அனுப்பிய மூன்று எண்களையும் பார்த்தேன். நீளம் 78 செ.மீ., மார்புச் சுற்றளவு 64, உயரம் 50. அளந்ததில் தப்பில்லை. ஆனால் 78-ஐக் கோட்டுக்கும் 50-ஐக் கூண்டுக்கும் எழுதியிருக்கிறாய், அதுதான் இடறுகிறது. நாய்க்கு இரண்டு நீளம், இரண்டு உயரம் உண்டு. கோட்டு கேட்பது ஒன்று, கூண்டு கேட்பது இன்னொன்று.

தோள் உயரம் 50 உள்ள, கால் குட்டையில்லாத நாய்க்கு முதுகும் ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கும். முதுகு 78 என்றால் அது குட்டைக்கால் நீள உடம்பு நாயாக இருக்க வேண்டும். ஆகவே நீ மூக்கு நுனியிலிருந்து வால் முளைக்கும் இடம் வரை அளந்திருக்கிறாய். அந்த 78-ஐ அழித்துவிடாதே, கூண்டுக்கு வேண்டியது அதுதான்.

கோட்டுக்கான முதுகு நீளம் கழுத்தடியில் தொடங்குகிறது. கழுத்துப் பட்டையைக் கீழே தளர்த்திவிட்டால் அது தானாக வந்து உட்காரும் இடம், தோள் எலும்புகள் இரண்டும் மேலே கூடும் மேட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும். அங்கிருந்து முதுகெலும்பை ஒட்டியே டேப்பைக் கொண்டுபோய், வால் முளைக்கும் இடத்தில் நிறுத்து. வாலை மெல்லத் தூக்கிப் பார்த்தால் அந்த மூட்டு கைக்குத் தட்டுப்படும். இரும்பு டேப் வேண்டாம், வளைவில் நிற்காது. தையல் டேப்பே சரி. நான்கு காலும் உடம்புக்கு நேர் கீழே ஊன்றி, தலை முன்னால் பார்த்தபடி மணி நிற்க வேண்டும். பிஸ்கட்டைத் தரையில் வைத்து அவனை நிறுத்தினால் தலை குனியும், கழுத்தடி முன்னே நகரும், இரண்டு மூன்று செ.மீ. கூடிவிடும். உட்கார்ந்தால் முதுகு வளைந்து அளவு இன்னும் கெட்டுப்போகும். பிஸ்கட்டை இன்னொருவர் அவன் மூக்கு மட்டத்தில் பிடித்துக்கொள்ளட்டும். வழுக்கும் தரையில் கால் விரிந்து உயரம் குறையும் என்பதால், பாய் விரித்து அதன்மேல் நிறுத்து. மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுத்துக்கொள்.

மார்பின் 64 எனக்குச் சரியாகவே படுகிறது, ஆனாலும் ஒரு முறை சரிபார். டேப் முன்னங்கால் முழங்கைக்கு இரண்டு விரல் பின்னால், மார்பு மிக ஆழமாக இறங்கும் இடத்தைச் சுற்றிப் போக வேண்டும். அதற்குப் பின்னால் போனால் இடுப்புப் பக்கம் ஒடுங்குகிற இடத்தில் விழும், எண் சின்னதாக வரும். டேப்புக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரலைத் தட்டையாக நுழைக்க முடிந்தால் இறுக்கம் சரி. ஓடி வந்து மூச்சு வாங்கும் நேரத்தில் அளக்காதே.

கோட்டுக்கு முதலில் பார்க்க வேண்டியது இந்த மார்பைத்தான், முதுகை அல்ல. சைஸ் அட்டவணையில் ஒரு சைஸ் முதுகு 50, மார்பு 56 முதல் 62 என்றும், அடுத்தது முதுகு 55, மார்பு 62 முதல் 72 என்றும் இருக்கிறதென்று வை. மணியின் முதுகு 50 வந்தால் கை தானாக முதல் சைஸுக்குப் போகும். ஆனால் மார்பு 64 அதில் அடங்காது. இழுத்து மாட்டினால் அக்குளில் உரசும், பட்டை தோளைப் பிடித்து முன்னங்காலை எட்டி வைக்க விடாது. அடுத்த சைஸையே எடு. நீளம் மிஞ்சும் 5 செ.மீ. வாலடியை மூடும், வால் தூக்கும்போது கோட்டும் சேர்ந்து எழும்பும். பின் ஓரத்தை ஆறு செ.மீ. மடித்துத் தைத்துவிட்டால் வாலுக்கு ஒரு விரல் முன்னால் நின்றுவிடும். நீளத்தை மடித்துத் தைக்கலாம், மார்பை விரிக்க முடியாது. அதனால்தான் இந்தத் தேர்வு. வயிற்றுத் துணி எதுவரை வருகிறது என்றும் பார். ஆண் நாய்க்கு அது பின்னால் நீண்டால் ஒவ்வொரு முறையும் சிறுநீரில் நனையும்.

வாங்கும் முன் இன்னொன்றையும் படித்துவிடு. அட்டவணையில் இருப்பது நாயின் அளவா, துணியின் அளவா? துணியின் அளவு என்றால் 64-க்கு மேல் நான்கு ஐந்து செ.மீ. தளர்வு இருக்க வேண்டும். போட்டுவிட்டுப் பத்து நிமிடம் நடக்கவிட்டு, அக்குளில் மயிர் ஒரு பக்கமாகப் படிந்திருக்கிறதா, தோல் சிவந்திருக்கிறதா என்று விலக்கிப் பார்.

இனி கூண்டு. நீ எழுதிய 50 தோள் மேட்டின் உயரம். அதை வைத்து வாங்கினால் அவன் உள்ளே தலையைத் தொங்கப் போட்டுத்தான் நிற்பான். கூண்டுக்கு வேண்டியது தரையிலிருந்து தலை உச்சி வரை. மணிக்குக் காது நிமிர்ந்து நிற்பதால் காது நுனி வரை. சுவரோரம் அவனை நிறுத்தி, ஒரு கெட்டி அட்டையைக் காது நுனியை வளைக்காமல் தொடும் அளவுக்குக் கிடையாகப் பிடித்து, சுவரில் பென்சிலால் கோடு போடு. அவன் விலகிய பிறகு தரையிலிருந்து கோடு வரை அள. பிறகு உட்காரவைத்தும் ஒரு முறை. சில நாய்களுக்கு உட்காரும்போதுதான் தலை மேலே போகும். இரண்டில் பெரியதை எடு.

அது 66 வந்தது என்று கொள்வோம். தலைக்கு மேலே குறைந்தது 5 செ.மீ. வேண்டும், ஆக உள்ளுயரம் 71. நீளத்துக்கு 78-உடன் 10 சேர்த்தால் 88. நீளத்தை மட்டும் பார்த்தால் 91 செ.மீ. கம்பிக் கூண்டு போதும் என்று தோன்றும். ஆனால் அந்த நீளத்தில் வருபவற்றின் உயரம் பெரும்பாலும் 64-ஐ ஒட்டியே இருக்கும், மணியின் காது கம்பியில் இடிக்கும். அடுத்த அளவான 107 செ.மீ. கூண்டுக்குத்தான் போக வேண்டும், அதில் உயரம் 76 அளவில் இருக்கும். பெட்டியின் மேல் எழுதியிருப்பது வெளியளவாக இருக்கலாம்; தட்டும் மெத்தையும் உள்ளுயரத்தில் இன்னும் மூன்று நான்கு செ.மீ. தின்றுவிடும். அதையும் கழித்துப் பார்த்து வாங்கு. வளர்ந்த நாய்க்கு நீளம் கொஞ்சம் மிஞ்சினால் வீட்டில் தொந்தரவில்லை. குட்டிக்குத்தான், மிஞ்சிய மூலையைக் கழிப்பிடமாக்கிக்கொள்ளும் என்று, நடுவில் தடுப்பு வைப்பார்கள். வண்டியில் ஏற்றும் கூண்டு மட்டும் ரொம்பப் பெரிதாக இருக்கக் கூடாது, பிரேக் போட்டால் அவன் உள்ளே தூக்கி எறியப்படுவான்.

விமானத்தில் கூட்டிப்போகும் எண்ணம் இருந்தால் கணக்கு வேறு. தரையிலிருந்து முழங்கை வரை ஒன்று, தோள்களின் அகலம் ஒன்று என இன்னும் இரண்டு அளவு எடு. மூக்கு முதல் வாலடி வரையுள்ள நீளத்தோடு முழங்கை உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் உள்நீளம். முழங்கை 27 என்றால் 78-உம் 13.5-உம் சேர்ந்து 91.5. அகலம் தோளைப் போல் இரு மடங்கு. உயரம், காது நுனியோடு விரிப்பின் கனமும் சேர்த்து. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் வைத்திருக்கும் கணக்கு இது. தட்டை மூக்கு நாய்களுக்கு இதைவிடப் பத்து சதவீதம் பெரிதாகக் கேட்பார்கள். விமான நிறுவனம் அதற்கு மேலும் கேட்கலாம் என்பதால் டிக்கெட் எடுக்கும் முன்பே விசாரித்துக்கொள்.

கழுத்தடியிலிருந்து வாலடி, தரையிலிருந்து காது நுனி, இந்த இரண்டை மட்டும் அளந்து எனக்கு எழுது. அட்டவணையின் படத்தையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா