துடுப்புப் படகுச் சங்கம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு நான்கு முறை கூடியது. ஆயுத பூஜை அன்று படகுகளுக்குப் பூசை நடந்தது. இரண்டு உயிர்காப்பு அங்கிகள் புதிதாக வாங்கப்பட்டன. ஆடி மாதம் ஆற்றில் வெள்ளம் கூடுதலாக இருந்ததால் படகுகளை இறக்கவில்லை.

ஊராட்சிக்கோட்டைக் கதவணைக்கு மேலே தேங்கி நிற்கும் காவிரியில், 200 மீட்டர் இடைவெளியில் இரண்டு வெள்ளை மிதவைகளை நான் கட்டியதைப் பற்றி உறுப்பினர்கள் சிலர் குறை கூறினார்கள். சங்கப் பணத்தில் இது தேவையா என்று பொதுக்குழுவிலேயே கேட்டார்கள். அதற்கு இங்கே விரிவாகவே பதில் சொல்கிறேன்.

தை மாதம் 20 கிலோமீட்டர் ஓட்டினேன். ஒரு சுற்று 2 கிலோமீட்டர். மொத்தம் பத்துச் சுற்று. முதல் சுற்று 14 நிமிடத்தில் முடிந்தது, உடம்பில் களைப்பே இல்லை. மூன்றாம் சுற்றுக்கு 15 நிமிடம், ஏழாம் சுற்றுக்கு 18 நிமிடம், கடைசிச் சுற்றுக்கு பதினெட்டரை. மொத்தம் 2 மணி 46 நிமிடம். ஒவ்வொரு சுற்றிலும் மிதவைகளுக்கு நடுவே எத்தனை முறை துடுப்பை இழுத்தேன் என்று எண்ணி வைத்திருந்தேன். முதல் சுற்றில் 98. மூன்றாம் சுற்றிலேயே அது 106 ஆகிவிட்டது. ஏழாம் சுற்றில் 121. கை வேகம் ஏறக்குறைய அதேதான். ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் படகு நகர்ந்த தூரம் குறைந்துகொண்டே வந்தது. களைப்பு தெரிவதற்கு வெகு முன்பே எண்ணிக்கை அதைச் சொல்லிவிட்டது. கடிகாரம் மட்டும் இருந்திருந்தால் மூன்றாம் சுற்றில் ஒரு நிமிடம் கூடியது தெரிந்திருக்கும், கை வேகம் குறைந்ததா இழுப்பு சுருங்கியதா என்பது புலப்பட்டிருக்காது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் கரையில் நின்ற பரிசல்காரப் பெரியவர். “தண்ணீரைத் தூக்காதே கண்ணு” என்றார். அவர் சொன்னது சரி. துடுப்பு பாதத்தின் அருகே முழுவதும் முங்கி, இடுப்புக்கு நேரே வந்ததும் வெளியே வந்துவிட வேண்டும். களைத்தவுடன் தோளைத் திருப்புவது நின்றுபோய் கை மட்டும் இழுக்கிறது. துடுப்பு முன்னே எட்டாமல், இடுப்பைத் தாண்டிப் பின்னால் போகிறது. அங்கே அது படகைத் தள்ளுவதில்லை. தண்ணீரை மேலே தூக்கிப் பின்முனையைக் கீழே அழுத்துகிறது, முன்முனையையும் பக்கவாட்டில் திருப்புகிறது. அதைத் திருத்த இன்னொரு இழுப்பு வேண்டியிருக்கிறது. துடுப்பு வெளியேறும்போது தண்ணீர் பின்னால் வாரி இறைத்தால் அதுதான் அடையாளம்.

மாசியில் அதே தூரத்தை, ஒவ்வொரு சுற்றும் பதினைந்தரை நிமிடம் என்று வைத்து ஓட்டினேன். முதல் ஐந்து சுற்றும் கையைக் கட்டிப்போட்டது போலிருந்தது. எண்ணிக்கை 103ஐத் தாண்டவில்லை. தாண்டப் பார்த்தபோதெல்லாம் தோளைத் திருப்புவதைச் சரிசெய்தேன், வேகத்தைக் கூட்டவில்லை. மொத்தம் 2 மணி 35 நிமிடம். 11 நிமிடம் மிச்சம். தண்ணீரின் எதிர்ப்பு, வேகத்தின் இருபடி அளவில் ஏறுகிறது. அதை வெல்லச் செலவாகும் திறன் முப்படி அளவில் ஏறுகிறது. தை மாதத்தின் முதல் சுற்று, மாசியின் சுற்றைவிடப் பத்து சதவீதம்தான் வேகம். அதற்கு நான் கொடுத்த விலையோ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் உழைப்பு. தொடக்கத்தில் சேர்த்த ஒன்றரை நிமிடத்தைக் கடைசி ஐந்து சுற்றுகளில் பலமடங்காகத் திருப்பிக் கொடுத்தேன்.

இந்தக் கணக்குக்கு ஒரு வரம்பும் உண்டு. எதிர்காற்றிலும், கரையோரத்து ஆழமில்லாத நீரிலும் எண்ணிக்கை தானாகவே ஏறும். ஆழம் குறைந்தால் படகின் பின்முனை அமிழ்ந்து, அடியில் யாரோ பிடித்து இழுப்பது போல் தோன்றும். அங்கே வேகத்தைக் காக்கப் போராடக் கூடாது. நடுவாற்றுக்குப் போய்விட வேண்டும். காற்றில் நேரத்தை விட்டுக்கொடுத்து, உழைப்பை மட்டும் ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும். எண்ணிக்கையை அதே திசையில், அதே வகைக் காற்றில் எடுத்த எண்ணிக்கையோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

இதற்கான ஏட்டைப் படகுக் கொட்டகையில் தொங்கவிட்டிருக்கிறேன். 31 உறுப்பினர்களில் ஐந்து பேருடைய எண்ணிக்கைதான் அதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் கரைக்கு வருவதாகச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். மாரியம்மன் நோம்பி, கலியாணம், மஞ்சள் அறுவடை என்று காரணங்கள் உண்மையானவைதான். ஆனாலும் ஓராண்டில் ஒரு ஞாயிறுகூடவா கிடைக்கவில்லை என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறது.

வரவு செலவு ஏறக்குறைய சமமாக இருக்கிறது. பொருளாளர் விவரத்தை வைத்திருக்கிறார். சந்தா பாக்கி 12 பேருடையது. மிதவைகளுக்கு ஆன செலவு, அந்தப் பாக்கியில் ஒருவருடைய பங்கைவிடக் குறைவு. கொட்டகைக்கு இடம் தந்தவருக்கும், பரிசல்காரப் பெரியவருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் 30 கிலோமீட்டர் ஓட்டம் நடத்த எண்ணம். அதற்கு உடன் வரும் காப்புப் படகு ஒன்றும், அதை ஓட்ட இருவரும் வேண்டும். இருக்கும் பழைய படகின் அடிப்பகுதியில் விரிசல் கண்டிருக்கிறது. சந்தா வந்து சேர்ந்தால் தைக்கு முன் அதைச் சரிசெய்துவிடலாம். ஏட்டில் எல்லோருடைய பெயரையும் எழுதி, எண்ணிக்கைக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்