சாரம் கட்டுவதற்கு முன்

அன்பு நண்பா,

வரும் தை மாதம் பாலாலயம் செய்து திருப்பணி தொடங்கப் போவதாக எழுதியிருந்தாய். அதற்கு முன்பே இந்தக் கடிதம் உங்கள் அறங்காவலர் குழுவின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் உடனே எழுதுகிறேன். கருவறையின் வெளிச்சுவர், அர்த்தமண்டபச் சுவர், அவற்றின் கீழுள்ள அதிஷ்டானம், இந்த மூன்றிலும் உள்ள கல்வெட்டுகளைப் படமெடுக்கவும் எழுத்துக்கு எழுத்துப் படி எடுக்கவும் அனுமதி கேட்கிறேன். முறையான விண்ணப்பத்தைத் தனியாக இணைத்திருக்கிறேன். குழுவில் யாராவது கேள்வி கேட்டால் நீ பதில் சொல்வதற்காகத்தான் இந்தக் கடிதம்.

“ஏற்கெனவே சர்க்கார் ஆட்கள் வந்து மை ஒற்றி எடுத்துப் போனார்களே” என்பது முதல் கேள்வியாக வரும். வந்திருக்கலாம். ஆனால் மத்திய தொல்லியல் துறையின் ஆண்டறிக்கைகளில் பெரும்பாலான கல்வெட்டுகளுக்கு எண்ணும் நான்கு வரிச் சுருக்கமும்தான் இருக்கும், முழுப் பாடம் அச்சேறாமலே நின்றுவிட்டவை ஏராளம். “விளக்குக்கு ஆடு கொடுத்தது” என்று சுருக்கம் சொல்லும். எத்தனை ஆடு, யார் பொறுப்பில், எந்த அளவால் நெய் என்பதெல்லாம் கல்லில் மட்டும்தான் இருக்கும்.

நீ கைபேசியில் எடுத்து அனுப்பிய படத்தையே எடுத்துக்கொள். தெற்குச் சுவரில், தட்சிணாமூர்த்தி கோஷ்டத்துக்கு இடப்பக்கம் உள்ளது. “சாவா மூவாப் பேராடு” என்பது தெளிவாகத் தெரிகிறது. அடுத்து ௯, ௰ என்று இரண்டு எண்குறிகள். கூ போலவும் ய போலவும் இருப்பவை அவைதான், சேர்த்தால் தொண்ணூறு. அதற்குப் பின் கல் பொரிந்திருக்கிறது. அங்கே சு போன்ற ௬ இருந்தால் தொண்ணூற்றாறு. சோழர் காலத்தில் அணையாமல் எரிய வேண்டிய ஒரு நந்தா விளக்குக்கு 90 ஆடு கொடுத்ததும் உண்டு, 96 கொடுத்ததும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, நாள்தோறும் உழக்கு நெய் என்பது கணக்கு. ஆகவே வழக்கத்தை வைத்து ஊகித்துத் தீர்க்க முடியாது. கல்லைப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

உன் படத்தில் அது ஏன் தெரியவில்லை என்றால், பிளாஷ் வெளிச்சம் நேர் எதிரே இருந்து விழுந்திருக்கிறது. எழுத்தின் பள்ளத்தில் நிழலே இல்லை. வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு, பத்துப் பதினைந்து பாகைச் சாய்வில் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். அதிலும் ஒரே பக்கம் போதாது. பக்க ஒளியில் நிற்கும் கோடுகள் எழுந்து தெரியும், கிடைக்கோடுகள் மறைந்துவிடும். மேலிருந்து ஒளி விழுந்தால் நேர்மாறு. கால் எது, கல்லின் வெடிப்பு எது என்று பிரிப்பதும் இப்படித்தான்: உளி வெட்டிய கோட்டை ஒளி குறுக்கே கடக்கும்போது சீரான அகலத்தில் நிழல் விழும், பொரிந்த பள்ளத்தின் நிழலுக்கு அந்தச் சீர் இராது. அதனால் இடம், வலம், மேல் என ஒவ்வொரு துண்டையும் மூன்று முறை எடுப்போம்.

ஆறு மீட்டர் நீளச் சுவரில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு எழுத்து இருக்கிறது என்று வை. ஒரு படத்தில் 60க்கு 40 செ.மீ. பரப்பு அடங்கும். பக்கத்துப் படங்களோடு மூன்றில் ஒரு பங்கு மேற்பொருந்த வேண்டும். குறுக்கே 15, உயரத்தில் 6, ஆக 90 இடங்கள், மூன்று ஒளிக்கு 270 படங்கள். ஒரு சுவருக்கு இரண்டு இரவு கேட்பது இதனால்தான். அர்த்தசாம பூஜை முடிந்து நடை சாத்திய பிறகு ஆரம்பித்து, விடிவதற்கு முன் முடித்துக்கொள்கிறோம். பிரதோஷம், கிருத்திகை, பௌர்ணமி நாட்களை விட்டுவிடலாம். எல்இடி விளக்கு சூடாகாது, கல்லுக்குக் கேடில்லை. தெற்குச் சுவருக்கு மட்டும் மார்கழிக் காலை வெயிலே உதவும். அப்போது சூரியன் தென்கிழக்கில் உதிப்பதால் முதல் ஒரு மணி நேரம் வெயில் சுவரைச் சாய்வாக உரசிப் போகும். வடக்குச் சுவரில் அந்த மாதத்தில் வெயிலே விழாது, அங்கே விளக்குதான்.

சுவரில் எதையும் பூச மாட்டோம். எழுத்து தெரிய வேண்டும் என்று விபூதியோ சுண்ணக்கட்டிப் பொடியோ தேய்ப்பவர்கள் உண்டு. அது பொரிந்த இடத்தில் அடைந்துகொண்டு, இல்லாத எழுத்தை இருப்பதாகக் காட்டும். மென்மையான தூரிகையால் தூசி தட்டுவதோடு சரி. சுண்ணாம்பு அடித்து மூடியிருக்கும் இடங்களை அப்படியே பதிவு செய்துவிட்டு விட்டுவிடுவோம்.

மைப்படிக்கு மட்டும் தனியாக ஒப்புதல் கேட்கிறேன், அதிகம் போனால் ஐந்தாறு கல்லுக்கு. நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும்வரை தூரிகையால் அடித்து, அரைகுறையாகக் காய்ந்ததும் மை ஒற்ற வேண்டும். தாள் கிழிந்தால் மை கல்லில் இறங்கிவிடும், அடிக்கும் அடியில் பொரிந்த கல் உதிரவும் செய்யும். ஆகவே உறுதியான கல்லில் மட்டும், உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க, எடுப்போம். அந்த ஆடு எண்ணிக்கை உள்ள கல்லில் மைப்படி எடுக்க மாட்டேன்.

படியெடுக்கும்போது கல்லில் உள்ளபடியே வரிக்கு வரி எழுதுவோம். புள்ளி இல்லாவிட்டால் நாமாக வைப்பதில்லை. பேராடு என்பது கல்லில் ஒற்றைக் கொம்போடு “பெராடு” போலத்தான் இருக்கும், அப்படியே இருக்கட்டும். ஐயமான எழுத்து அடைப்புக்குள், அழிந்தது புள்ளியாக. “ஸ்வஸ்திஸ்ரீ” என்று தொடங்கி “பன்மாஹேஸ்வர ரக்ஷை” என்று முடிகிறதா என்பதையும் பார்ப்போம். நடுவில் வாசகம் முறிந்தால், முன்பு நடந்த ஏதோ ஒரு திருப்பணியில் கல் இடம் மாறியிருக்கிறது என்று பொருள். உன் படத்திலேயே அதிஷ்டானத்தின் நடுவில் புடைத்து நிற்கும் முப்பட்டைக் குமுதத்தில் ஒரு கல் தலைகீழாக இருக்கிறது. அதன் தொடர்ச்சி பிராகாரத்தில் எங்காவது படிக்கல்லாகவும் கிடக்கலாம்.

இனி திருப்பணி பற்றி. மணல் வீச்சு இயந்திரத்தால் சுவரைச் சுத்தம் செய்ய எந்த ஒப்பந்தக்காரர் சொன்னாலும் சம்மதிக்காதே. எழுத்தின் விளிம்பு மழுங்கிவிட்டால் எந்த ஒளியிலும் மீளாது. அழுத்த நீரும் பொரிந்த கல்லில் அதே வேலையைச் செய்யும். சாரத்துக்குச் சுவரில் துளை போடாமல் தள்ளி ஊன்றச் சொல். பிராகாரத் தளம் உயர்ந்து, அதிஷ்டானத்தின் அடிப்பகுதியான ஜகதியின் கடைசி வரிகள் புதைந்திருக்கின்றன. புதுத் தளம் போடும்போது ஸ்தபதி பழைய பாவுகல்லைப் பெயர்ப்பார் அல்லவா, அந்த ஒரு நாள் எனக்குத் தகவல் சொன்னால் போதும்.

குழுவில் நிலம் பற்றி அச்சம் எழலாம். தேவதான நிலத்தின் நான்கெல்லை வெளியே வந்தால் வழக்கு வருமோ என்று கேட்பார்கள். படங்களும் பாடமும் முதலில் கோயிலுக்கே ஒரு முழுத்தொகுதியாக வரும், நீங்கள் படித்துப் பார்த்த பிறகுதான் வெளியீடு. கருவறைக்குள் நுழைய மாட்டோம், மூர்த்திகளைப் படமெடுக்க மாட்டோம்.

தீர்மானத்தை இப்படி எழுதலாம்: “கருவறை, அர்த்தமண்டபப் புறச்சுவர்களிலும் அதிஷ்டானத்திலும் உள்ள கல்வெட்டுகளைத் தொடாமல் படமெடுக்கவும் படியெடுக்கவும் அனுமதிக்கப்படுகிறது, மைப்படிக்குக் கல்வாரியாகத் தனி ஒப்புதல் வேண்டும், எல்லாப் படங்களின் பிரதியும் கோயிலுக்குச் சேரும்.” நாட்களையும் உடன் நிற்பவர் பெயரையும் சேர்த்துக்கொள். நகல் ஒன்று அறநிலையத் துறைச் செயல் அலுவலருக்கும் போகட்டும். வாசலில் தொல்லியல் துறையின் பாதுகாப்பு அறிவிப்புப் பலகை இருக்கிறதா என்று பார்த்துச் சொல். இருந்தால் அங்கேயும் நான் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு நாளாகும்.

கூட்டம் எந்தத் தேதியில் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்