பொங்கல் வாழ்த்து அட்டைகளின் மடிப்பும் உறை அளவும் மாறி வந்தது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாழ்த்து அட்டை அச்சுப் பிரிவு.

பொருள்: 450 பொங்கல் வாழ்த்து அட்டைகளும் உறைகளும் ஒப்புக்கொண்டபடி அமையாதது – மறுபடி அச்சிட்டுத் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். வரும் தைப்பொங்கலுக்கு எங்கள் வளவைச் சேர்ந்த பங்காளிகளுக்கும், பினாங்கிலும் ஈப்போவிலும் கொழும்பிலும் இருக்கும் உறவினர்களுக்கும் அனுப்புவதற்காக 450 வாழ்த்து அட்டைகளை ஐப்பசி மாதத்தில் தங்களிடம் பதிவு செய்து, முழுத் தொகையையும் முன்பணமாகவே செலுத்தியிருந்தேன். கடந்த வாரம் பார்சல் வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்ததில், அட்டையை உறைக்குள் நுழைக்க முடியவில்லை. மடித்த இடத்தில் சிவப்பு மை வெடித்து வெள்ளை நார் தெரிகிறது. உள்ளே இருக்கும் வாழ்த்து வரிகள் மடிப்பின் மேலேயே ஓடுகின்றன. தொலைபேசியில் பேசியபோது தங்கள் அலுவலர் இவற்றைச் சிறு குறைகள் என்றதால், ஒவ்வொன்றும் எதனால் நேர்ந்தது என்பதை எழுத்தில் வைப்பது நல்லதென்று இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில், ஒப்புக்கொண்டது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். மடித்த நிலையில் அட்டையின் அகலம் 5 அங்குலம், உயரம் 7 அங்குலம். புத்தகம்போல் இடப்பக்கம் ஒரே மடிப்பு. எனவே விரித்த தாள் 10 × 7 அங்குலம். 300 ஜி.எஸ்.எம் ஆர்ட் போர்டு. முகப்பில், எங்கள் ஆச்சி அரிசி மாவில் இட்ட நடுவீட்டுக் கோலம் செந்நிறத் தளத்தில் வெள்ளை இழைகளாக வர வேண்டும். அதைச் சுற்றி, நான்கு ஓரங்களிலிருந்தும் சரியாக 8 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலையை ஒத்த ஒரு கரை ஓட வேண்டும். உள்ளே வலப்பக்கத்தின் மேற்பாதியில் வாழ்த்து; அதன் கீழ்ப்பாதி நாங்கள் கையால் எழுதிக் கையொப்பமிடுவதற்காக வெறுமையாக இருக்க வேண்டும். உறை, அட்டையைவிட அகலத்திலும் உயரத்திலும் கால் அங்குலம் கூடுதலாக, அதாவது ஐந்தேகால் × ஏழேகால் அங்குலம் இருக்க வேண்டும். இவை அனைத்தும் தங்கள் ரசீதிலேயே எழுதப்பட்டுள்ளன.

கோலத்தின் அச்சைப் பற்றி எனக்குக் குறையொன்றும் இல்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிவப்பை மஜந்தா, மஞ்சள் என்ற இரு மைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இட்டுத்தான் கொண்டுவருகிறார்கள். அவற்றில் ஒன்று சற்று விலகினாலும் மெல்லிய வெள்ளை இழை அடைபட்டுப்போகும். தங்கள் அச்சில் மிகச் சிறிய சுழிகூடத் தெளிவாக நிற்கிறது. இவ்வளவு கவனமாக அச்சிட்டவர்கள் மடிப்பிலும் உறையிலும் ஏன் இப்படிக் கைவிட்டார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

உறையை எடுத்துக்கொள்கிறேன். வந்த உறைப் பெட்டியின் மேல் பி6 என்று அச்சிடப்பட்டுள்ளது. அது சர்வதேசத் தர அளவு. 125 × 176 மில்லிமீட்டர். எங்கள் அட்டையின் 5 × 7 அங்குலம் என்பது 127 × 178 மில்லிமீட்டர். உறை, அட்டையைவிட அகலத்திலும் உயரத்திலும் இரண்டிரண்டு மில்லிமீட்டர் சிறியது. அங்குலத்தில் அட்டையையும் மில்லிமீட்டரில் உறையையும் எடுத்து, ஏறத்தாழ ஒன்றுதானே என்று யாரோ பொருத்தியிருக்கிறார்கள். மடித்த அட்டைக்கு முதுகில் ஒரு கனம் இருப்பதால், சம அளவு உறையே போதாது. அதற்காகத்தான் கால் அங்குலம் கூடுதல் கேட்டிருந்தேன். அழுத்தி நுழைத்துப் பார்த்த உறை, பக்கவாட்டு ஒட்டிலேயே கிழிந்துவிட்டது.

இதற்குத் தங்கள் அலுவலர் இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று, அட்டைகளைத் திருப்பி அனுப்பினால் உறைக்கு ஏற்ற அளவில் ஓரங்களை வெட்டித் தருவதாகச் சொன்னார். பி6 உறைக்குள் அட்டை தாராளமாகப் போக வேண்டுமானால், அது 119 × 170 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். உயரத்தில் குறைய வேண்டிய 8 மில்லிமீட்டரை மேலும் கீழும் நான்கு நான்காக வெட்டிவிடலாம். அகலத்திலும் அதே 8 மில்லிமீட்டர் குறைய வேண்டும். ஆனால் இடப்பக்கம் மடிப்பு இருப்பதால் அங்கே கத்தி வைக்க முடியாது. வைத்தால் அட்டை இரண்டு துண்டாகிவிடும். எனவே 8 மில்லிமீட்டர் முழுவதையும் வலப்பக்கத்தில்தான் வெட்ட வேண்டும். கரை ஓரத்திலிருந்து 8 மில்லிமீட்டரில் இருப்பதால், வலப்பக்கம் கத்தி கரையின் மேலேயே இறங்கும். இடப்பக்கம் பழைய 8 மில்லிமீட்டர் சிவப்பு அப்படியே நிற்கும். மேலும் கீழும் 4 மில்லிமீட்டர் இருக்கும். சதுரம் பிடித்து இட்ட கோலம் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும். எங்கள் ஊரில் நடுவீட்டுக் கோலத்தை நடுவில்தான் இடுவார்கள்.

இரண்டாவதாக, சி5 உறை கையிருப்பில் இருப்பதாகவும் அதை அனுப்புவதாகவும் சொன்னார். அது 162 × 229 மில்லிமீட்டர். அதற்குள் எங்கள் அட்டை அகலத்தில் 35, உயரத்தில் 51 மில்லிமீட்டர் இடைவெளியோடு ஆடிக்கொண்டிருக்கும். தபால் பைகளில் மற்றவற்றோடு அழுந்தி மலேசியா வரை போகும் உறைக்குள், இப்படி ஆடும் அட்டையின் முனைகள் மடங்கித்தான் போய்ச் சேரும். “இந்தக் காலத்தில் யார் சார் உறையில் போட்டு அனுப்புகிறார்கள்” என்றும் அவர் சொன்னார். உறையோடு சேர்த்து விலை வாங்கிய நிறுவனத்தின் அலுவலர் கேட்கக்கூடிய கேள்வி அது அல்ல.

அடுத்தது மடிப்பு. அட்டைகளில் பெரும்பாலானவற்றின் முதுகில் மேலிருந்து கீழ்வரை சிவப்பு மை உடைந்து, ரம்பப் பல்போல வெள்ளைக் கீறல் தெரிகிறது. விரலால் தடவினால் சிவப்புத் துகள் ஒட்டுகிறது. தாள் தயாராகும்போது அதன் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிகின்றன என்பதும், அச்சகத்தில் கிரெயின் என்று சொல்லும் அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும் என்பதும், குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து மேற்பூச்சையும் மையையும் சேர்த்து உடைக்கும் என்பதும் தாங்கள் அறியாததல்ல. வந்த அட்டை ஒன்றிலிருந்து ஒரு சிறு சதுரத்தை வெட்டி, ஒரு பக்கத்தை மட்டும் நனைத்துப் பார்த்தேன். ஈரத்தில் நார்கள் நீளத்தைவிடக் குறுக்கேதான் அதிகம் உப்பும் என்பதால், தாள் நார் ஓடும் திசையை அச்சாக வைத்துச் சுருளும். எங்கள் துண்டு மடிப்புக்குக் குறுக்கான திசையை அச்சாக வைத்துச் சுருண்டது. எனவே கிரெயின் தவறான திசையில் இருக்கிறது என்பதில் ஐயமில்லை.

இது எப்படி நேர்ந்திருக்கும் என்பதை, அச்சுத்தொழிலில் இருந்து ஓய்வுபெற்ற எங்கள் உறவினர் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். 23 × 36 அங்குலத் தாளில் நார் நீளவாக்கில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், மடிப்பு நாருக்கு இணையாக வரும்படி அடுக்கும்போது, ஒவ்வொரு ஓரத்திலும் வெட்டுக்கு விடும் 3 மில்லிமீட்டரையும் சேர்த்து, ஒரு தாளில் 8 அட்டைகள் அமையும். அட்டைகளைத் திருப்பி அடுக்கினால் 9 அமையும். ஆனால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழும். 450 அட்டைகளுக்கு முதல் வகையில் 57 தாள்கள் வேண்டும். இரண்டாவதில் 50 போதும். தங்கள் இடத்தில் நடந்தது இதுதானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஏழு தாள் மிச்சத்துக்காக இது நடந்திருந்தால், அந்த மிச்சம் எங்கள் அட்டைகளின் முதுகில் தெரிகிறது.

கிரெயின் குறுக்கே இருந்தாலும், மடிப்பதற்கு முன் மடிப்புக் கோட்டில் அழுத்தித் தடம் பதிக்கும் கிரீசிங்கை முறையாகச் செய்திருந்தால் சேதம் பெருமளவு குறைந்திருக்கும். 300 ஜி.எஸ்.எம் போர்டில், அதுவும் முதுகு முழுவதும் அடர்த்தியான சிவப்பு ஓடும்போது, கிரீசிங் இல்லாமல் மடிக்கவே கூடாது. கிரீசிங் செய்த அட்டையை விரித்தால், மடிப்பின் உட்புறம் ஒரு மெல்லிய வரப்பு கைக்குத் தட்டுப்படும். எங்கள் அட்டைகளில் அப்படி ஒன்றும் இல்லை. நேராக மடித்து அழுத்தியிருக்கிறார்கள். மேலே மேட் லேமினேஷன் ஒட்டித் தருவதாகத் தங்கள் அலுவலர் இப்போது சொல்வது, வெடித்த மையை மூடுமே தவிர ஒட்டவைக்காது.

உள் வாழ்த்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. “புதுப்பானை பொங்குவதுபோல் தங்கள் இல்லத்தில் எல்லா நலமும் பொங்குக” என்று தொடங்கும் வாசகம், வலப்பக்கத்தின் நடுவில் வருவதற்குப் பதிலாக, விரித்த 10 அங்குலத் தாளின் நடுவில் அச்சாகியிருக்கிறது. மடிப்பு “இல்ல” என்பதற்கும் “த்தில்” என்பதற்கும் இடையில் விழுகிறது. நாங்கள் கையொப்பமிட விட்ட இடத்திலும் அந்தப் பள்ளம் ஓடுகிறது. நான் புரூஃபைப் பார்த்து ஒப்புதல் தந்துவிட்டதாகத் தங்கள் அலுவலர் கூறுகிறார். தாங்கள் அனுப்பிய பி.டி.எஃப்பில் உள்பக்கம் 5 × 7 அங்குலத் தனிப் பக்கமாகவே இருந்தது. அதில் வாசகம் சரியான இடத்தில்தான் இருந்தது. விரித்த தாளையோ மடிப்புக் கோட்டையோ அதில் காட்டவில்லை. ஆகவே நான் ஒப்புக்கொண்டது ஒன்று, அச்சானது வேறொன்று.

எனவே, 450 அட்டைகளையும் மேலதிகக் கட்டணம் இல்லாமல் மறுபடி அச்சிட்டு, மடிப்புக்கு இணையான கிரெயினில், கிரீசிங் செய்து, ஐந்தேகால் × ஏழேகால் அங்குல உறைகளோடு மார்கழி முதல் வாரத்துக்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அச்சேறுவதற்கு முன், அதே போர்டில் மடித்த ஒரு டம்மியையும் அதற்கான உறை ஒன்றையும் கூரியரில் அனுப்புங்கள். திரையில் வரும் படத்தை இனி நான் ஒப்புக்கொள்வதாக இல்லை. அட்டை உறைக்குள் வழுக்கிக்கொண்டு போவதை என் கையால் பார்த்த பிறகே ஒப்புதல் தருவேன். மார்கழி முதல் வாரத்தைத் தாண்டினால் கடல் கடந்து போக வேண்டியவை பொங்கலுக்குச் சேரா என்பதால், அதற்குள் தர இயலாவிட்டால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் எழுத்து வடிவில் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். அதற்கு ஆதாரமாக, வெடித்த அட்டை இரண்டு, கிழிந்த உறை ஒன்று, தங்கள் ரசீதின் நகல், தாங்கள் அனுப்பிய புரூஃபின் அச்சுப்படி ஆகியவற்றை எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றின் படங்களை இத்துடன் இணைத்துள்ளேன். மீதி அட்டைகளைத் தங்கள் செலவில் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
காரைக்குடி.