சனிக்கிழமைப் படமும் அணையாத சப்டைட்டிலும்: எங்கள் ஜெர்மன் பயிற்சி மைய இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை மாலை ஜெர்மன் படம் போடும்போது சப்டைட்டில் பற்றி வகுப்பில் எழுந்த பேச்சு உங்கள் காதுக்கு வந்திருக்கும். ஒரு பெண் எழுந்து, "சார், ஒரு பத்து நிமிஷம் ஆங்கில சப்டைட்டிலை ஆஃப் பண்ணிப் பார்க்கலாமா?" என்று கேட்டார். "ஆஃப் பண்ணா யாருக்கும் புரியாது, எல்லாரும் போனை எடுத்துருவீங்க" என்று பதில் வந்தது. படம் ஓடியது. கேட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

அவர் ஏன் கேட்டார் என்று சொல்ல வேண்டும். அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, சூளைமேட்டில் ஹாஸ்டலில் தங்கி, இரவு டியூட்டி முடித்து நேரே வகுப்புக்கு வரும் செவிலியர். கோதே பி1 என்ற ஜெர்மன் மொழித் தேர்வில் வாசித்தல், எழுதுதல், பேசுதல் மூன்றிலும் தேறிவிட்டார். கேட்டல் பகுதியில் மட்டும் தேறவில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் 100-க்கு 60 வேண்டும், தவறிய பகுதியை மட்டும் தனியே எழுதலாம், அதற்கும் கட்டணம் உண்டு என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தக் கேட்டல் தேர்வில் நான்கு பாகங்கள். அதில் இரண்டை ஒரே ஒரு முறைதான் ஒலிக்கவிடுவார்கள். திரையில் எழுத்து ஓடாது. நாளை ஜெர்மனியில் வார்டில் நோயாளி பேசும்போதும் ஓடாது.

"அந்தக் கேள்வித்தாளையே கையில கொடுத்துப் படிக்கச் சொன்னா எல்லாம் தெரியும்க்கா, காதுல வரும்போது மட்டும் ஒட்டவே மாட்டேங்குது" என்று என்னிடம் சொன்னார். நம் வகுப்பில் பாதிப் பேருடைய நிலை இதுதான். வாரம் தவறாமல் இரண்டு மணி நேரம் ஜெர்மன் படம் பார்க்கிறவர்களுக்குக் காது வளரவில்லை என்றால், அந்த இரண்டு மணி நேரம் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? ஆங்கிலம் வாசித்துக்கொண்டிருந்தோம். கட்டணம் கட்டியது ஜெர்மனுக்கு.

இதை யாரும் சோம்பலால் செய்யவில்லை. திரையில் எழுத்து வந்தால் கண் தானாக அங்கே போய்விடும். மொழி தெரிந்தவர்கள்கூடத் தங்களை மீறி வாசிக்கிறார்கள் என்று பெல்ஜியத்தில் கண்ணசைவை அளந்து பார்த்து எப்போதோ சொல்லிவிட்டார்கள். "சப்டைட்டில் இருக்கட்டும், நீங்க பார்க்காம கேளுங்க" என்று ஆசிரியர் சொல்வது நடக்கிற காரியமில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 'நேற்று என்னால் தூங்க முடியவில்லை என்பதால்' என்று ஜெர்மனில் ஒரு துணைவாக்கியம் வந்தால், 'முடியவில்லை' என்ற வினை நம் தமிழைப் போலவே கடைசியில்தான் வரும். காது அதுவரை காத்திருக்கப் பழக வேண்டும். ஆங்கில வரியோ மொத்தமாக ஒரே நொடியில் திரையில் விழுந்துவிடுகிறது. நடிகர் வாய் திறந்து முடிப்பதற்குள் நமக்கு முடிவு தெரிந்துபோகிறது. பிறகு காதுக்கு என்ன வேலை?

2009-இல் ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்வீன் என்ற இரு ஆய்வாளர்கள் நெதர்லாந்தில் இதைச் சோதித்தார்கள். ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய வழக்கில் பேசும் ஆங்கிலக் காட்சிகளை டச்சுக்காரர்களுக்குப் போட்டார்கள். சிலருக்கு ஆங்கிலத்திலேயே சப்டைட்டில், சிலருக்கு டச்சில், சிலருக்கு ஒன்றுமே இல்லை. பிறகு அதே ஆட்கள் பேசிய, ஆனால் இவர்கள் அதுவரை கேட்டிராத வரிகளைப் போட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஆங்கிலச் சப்டைட்டில் பார்த்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். டச்சு சப்டைட்டில் பார்த்தவர்கள், சப்டைட்டிலே இல்லாமல் பார்த்தவர்களைவிட மோசமாகச் செய்தார்கள். ஆங்கிலம் நமக்குத் தாய்மொழி இல்லைதான். ஆனால் ஜெர்மன் ஒலிக்கு மேல் வேறொரு மொழியின் எழுத்தை ஒட்டுகிறோமே, அதில் அவர்களுடைய டச்சு சப்டைட்டிலும் நம்முடைய ஆங்கில சப்டைட்டிலும் ஒன்றுதான்.

ஆகவே என் கோரிக்கை சப்டைட்டிலை ஒழிக்கச் சொல்வதல்ல. ஆங்கிலத்திலிருந்து ஜெர்மன் சப்டைட்டிலுக்கு மாறுங்கள், அதையும் குறித்த இடத்தில் அணையுங்கள்.

எந்த இடத்தில் என்று கேட்பீர்கள். மூன்று நிமிடக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எழுத்தே இல்லாமல் ஓடட்டும். யார், எங்கே, என்ன தகராறு என்பது மட்டும் பிடிபட்டால் போதும். அடுத்து அதையே ஜெர்மன் சப்டைட்டிலோடு போட்டு, காது எங்கே வழுக்கியது என்று பார்க்க வேண்டும். திரையில் 'ஹாபென் வியர் நோஹ் ட்ஸைட்', அதாவது 'இன்னும் நேரம் இருக்கிறதா', என்று இருக்கும். நடிகர் சொன்னது 'ஹம்வ நோஹ் ட்ஸைட்'. நான்கு சொல்லும் எல்லோருக்கும் முதல் மாதத்திலேயே தெரியும், ஆனால் ஒருவர் காதிலும் விழுந்திருக்காது. அந்த வரியை நிறுத்தி, எழுத்தை மறைத்து, இரண்டு மூன்று முறை கேட்டால் பிடிபடும். கடைசியாக முழுக் காட்சியும் எழுத்தில்லாமல். மொத்தம் கால் மணி நேரம் ஆகும்.

எப்போது அணைப்பது என்பதும் இந்த இரண்டாவது சுற்றிலேயே தெரிந்துவிடும். எழுத்தைப் பார்த்ததும் "அட, இதுவா!" என்று தோன்றினால் சொல் தெரிந்திருக்கிறது, ஒலிதான் பழகவில்லை. அந்தக் காட்சியில் இனிச் சப்டைட்டில் வேண்டாம். எழுத்தைப் பார்த்த பிறகும் புரியவில்லை என்றால் குறை சொல்வளத்தில். அப்போது அணைத்து வைத்துக் கேட்பது வெறும் இரைச்சலைக் கேட்பதுதான். சப்டைட்டிலை வைத்துக்கொண்டு சொல்லைப் படிக்கலாம், அல்லது எளிய படத்துக்குப் போகலாம். வரிக்கு வரி இப்படி முட்டினால் அந்தப் படம் இந்த பேட்சுக்கு இல்லை.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். சென்ற மாதம் போட்டது ஜெர்மனில் டப் செய்த ஹாலிவுட் படம். அப்படிப்பட்ட படங்களில் ஜெர்மன் சப்டைட்டிலைப் போட்டாலும் பேச்சும் எழுத்தும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. டப்பிங் வசனத்தை உதட்டசைவுக்கு ஏற்ப எழுதுகிறார்கள், சப்டைட்டிலை இடத்துக்கு ஏற்பச் சுருக்குகிறார்கள். இரண்டும் தனித்தனி மொழிபெயர்ப்புகள். மாணவர் தன் காதுதான் தப்பு என்று நினைத்துக்கொள்வார். ஜெர்மனிலேயே எடுத்த படமாக, காது கேளாதோருக்கான சப்டைட்டில் உள்ளதாகத் தேர்ந்தெடுத்தால் ஒலியோடு ஓரளவு நெருக்கமாக இருக்கும். இரண்டு நிமிடம் முன்கூட்டி ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அந்த இரண்டு நிமிடம்தான் யாருக்கும் கிடைப்பதில்லை போலிருக்கிறது. வருகைப் பதிவுக்குக் கைரேகை வைக்கும் கருவி ஒரு நாளும் பழுதானதில்லை. விளம்பர நோட்டீஸில் 'முழுக்க முழுக்க ஜெர்மன் சூழல்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்தச் சூழலில் ஓடும் ஒரே வாசிப்பு ஆங்கிலம். ஒருவேளை சென்னையில் இருந்தே ஆங்கிலத்தில் நலம் விசாரித்துக்கொள்ள ஜெர்மன் நோயாளிகளைப் பழக்கிவிடலாம் என்ற திட்டமோ என்னவோ.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் பாடம் நன்றாகத்தான் நடத்துகிறார்கள். நான் கேட்பது சனிக்கிழமை இரண்டு மணி நேரத்தைப் பற்றி மட்டும். முழுப் படத்துக்குப் பதில் மூன்று நான்கு காட்சிகள். ஆங்கில எழுத்து வேண்டாம், முதல் சுற்றிலும் கடைசிச் சுற்றிலும் ஜெர்மன் எழுத்தும் வேண்டாம். மீதிப் படத்தை விரும்புகிறவர்கள் வீட்டில் ஆங்கில சப்டைட்டிலோடு ரசித்துப் பார்க்கட்டும், அதை யாரும் குறை சொல்லப் போவதில்லை.

அந்தச் செவிலியர் அடுத்த மாதம் கேட்டல் பகுதியை மறுபடி எழுதுகிறார். அதற்குள் மிச்சமிருக்கும் சனிக்கிழமைகளிலாவது ரிமோட்டை ஆசிரியர் கையில் கொடுத்து, வகுப்பு கேட்கும்போது சப்டைட்டிலை அணைக்க அனுமதி தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமை பேட்ச் மாணவி ஒருத்தி,
சென்னை