7+ என்ற எண் சொல்லாமல் விடுவது

கைப்பேசிச் செயலிக் கடைகளை நடத்துவோருக்கும், அவற்றிலுள்ள விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் வழங்கும் ஐ.ஏ.ஆர்.சி. கூட்டமைப்பினருக்கும்,

வணக்கம்.

தரம் எப்படி முடிவாகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. திரைப்படமானால் ஒரு குழு உட்கார்ந்து முழுவதையும் பார்க்கிறது. பார்த்த படமே திரைக்கு வருகிறது. பெட்டியில் விற்கும் விளையாட்டுக்கு, வட அமெரிக்காவின் ஈ.எஸ்.ஆர்.பி. அமைப்பில், அதன் கடுமையான காட்சிகளைத் தொகுத்த காணொளியைக் குறைந்தது மூன்று பேராவது பார்க்கிறார்கள். கூகுள் பிளே போன்ற செயலிக் கடைக்கு வரும் விளையாட்டுக்கோ கேள்வித்தாள்தான். ரத்தம் தெரிகிறதா, கெட்ட வார்த்தை உண்டா, சூதாட்டம் உண்டா என்ற கேள்விகளுக்குத் தயாரிப்பாளரே விடை குறிக்கிறார். அந்த விடைகளை வைத்து ஐரோப்பாவுக்கு பெகி, ஜெர்மனிக்கு யு.எஸ்.கே., தனி அமைப்பு சேராத நாடுகளுக்கு 3+, 7+, 12+, 16+, 18+ என்ற பொது அளவுகோல் என்று கணினியே தரங்களைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. குவிகிற செயலிகளை எல்லாம் ஆள் வைத்துப் பார்க்க முடியாதுதான். அதற்காக இந்த மடல் இல்லை.

ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். வண்ணக் கட்டிகளைச் சேர்த்து உடைக்கும் புதிர். அவ்வப்போது ஒரு கேலிச்சித்திரப் பூதம் அடி வாங்கும். நேர்மையாக விடை எழுதினாலும் 7+ கிடைக்கக்கூடிய விளையாட்டு. சில மாதம் கழித்துப் புதுப்பிப்பு ஒன்று வருகிறது. அணியாகச் சேர்ந்து ஆடலாம், முன்பின் தெரியாதவர்களுடன் அரட்டை அடிக்கலாம், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பரிசுப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்கலாம். உள்ளடக்கம் மாறினால் கேள்வித்தாளை மறுபடி நிரப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் நிரப்ப வேண்டியவர் தயாரிப்பாளர். அவர் மறந்தால், பிறகு யாராவது புகார் செய்யும்வரையோ தர அமைப்பின் கண்ணில் படும்வரையோ பழைய 7+ அப்படியே நிற்கும்.

அவர் மறக்காமல் நிரப்பினாலும் எண் அசையாமல் இருக்கலாம் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. அரட்டையும் விளையாட்டுக்குள் காசு கொடுத்து வாங்குவதும் ‘ஊடாடும் கூறுகள்’ என்ற தனிப் பட்டியலைச் சேர்ந்தவை. அவை வயதுத் தரத்தைத் தீர்மானிப்பதில்லை என்பது ஈ.எஸ்.ஆர்.பி.யின் நிலை. ஆகவே 7+ வரை போதும் என்று பூட்டுப் போட்ட கைப்பேசிக்குள் இந்த விளையாட்டு தடையில்லாமல் நுழைகிறது. பூட்டு பழுதாகவில்லை. அது பார்க்கும் எண்ணுக்குள் அரட்டைப் பெட்டி அடங்கவில்லை, அவ்வளவுதான்.

எனவே எங்கள் கோரிக்கை: எண்ணுக்குப் பக்கத்திலேயே, பதிவிறக்கும் பொத்தானுக்கு மேலே, ‘அந்நியருடன் அரட்டை உண்டு’, ‘என்ன கிடைக்கும் என்று தெரியாமல் வாங்கும் பொருள் உண்டு’ என்று எழுதுங்கள். அவற்றை வைத்து வடிகட்டவும் வழி கொடுங்கள்.

இன்று அந்த விவரத்தைப் பார்க்க, கூகுள் பிளேயில் விளையாட்டின் பக்கத்தைத் திறந்து, வயது எண்ணுக்கு அருகிலுள்ள சின்ன ‘i’ குறியைத் தொட வேண்டும். அங்கே `Users Interact` என்று இருந்தால் அரட்டையோ வேறு வகைத் தொடர்போ உண்டு. பூட்டுப் போட `Settings`, `Family`, `Parental controls` என்று உள்ளே போய், பிள்ளைக்குத் தெரியாத பின் எண் வைத்து, விளையாட்டுக்கும் படத்துக்கும் தனித்தனியே வயது வரம்பு குறிக்க வேண்டும். வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்கும் அமைப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. இந்தப் பூட்டு அதற்குப் பொருந்தாது. அரட்டையை அணைக்க விளையாட்டுக்குள்ளேயே தேட வேண்டும், அணைக்க வழி இருந்தால். வாங்கும் பொத்தானை மட்டும் எங்கும் தேட வேண்டியதில்லை. அது தானே துள்ளிக்கொண்டு எதிரே வந்து நிற்கிறது. பொத்தானைக் கண்ணில் படும்படி வைக்கும் கலை உங்கள் துறையில் யாருக்கும் தெரியாது என்று நம்புவது கொஞ்சம் கடினமாக இருக்கிறது.

மன்னிக்கவும், கோரிக்கைக்கே வருகிறோம். இது நடக்காத காரியமில்லை. ஜெர்மனியின் யு.எஸ்.கே. 2023 முதல் அரட்டை, பரிசுப் பெட்டி போன்றவற்றையும் தரத்தில் கணக்கிடுகிறது. ஆஸ்திரேலியாவில் 2024 செப்டம்பர் முதல், காசு கொடுத்து வாங்கும் பரிசுப் பெட்டி உள்ள புதிய விளையாட்டுக்கு ‘எம்’ தரமாவது தர வேண்டும். 15 வயதுக்குக் கீழ் பரிந்துரைக்கப்படாத தரம் அது, தடை இல்லை என்றாலும். தரமே பெறாத செயலியைப் பெற்றோர் பூட்டின் கணக்கில் பெரியவர்களுக்கானதாக வைக்கும் வழக்கம் கூகுள் பிளேயில் ஏற்கெனவே உண்டு. அரட்டையோ பரிசுப் பெட்டியோ புதிதாகச் சேர்ந்தும் கேள்வித்தாள் புதுப்பிக்கப்படாத விளையாட்டையும் அதே வரிசையில் வையுங்கள்.

இந்த விவரங்களை எண்ணுக்குப் பக்கத்தில் எழுத எவ்வளவு காலம் ஆகும் என்று தயவுசெய்து தெரிவியுங்கள். அதுவரை, கேள்வித்தாள் கடைசியாக நிரப்பப்பட்ட தேதியையாவது ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் போடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பின் எண் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாத பெற்றோர் சிலர்