சொதிச் சாப்பாடும் கடைசி வரிசை இருக்கையும்

கல்லிடைக்குறிச்சி
ஆனி 25

அன்புள்ள முத்தையாவுக்கு,

உம் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஆழ்வார்குறிச்சியில் சாரல் விடாமல் தூறுகிறது என்று எழுதியிருக்கிறீர். இங்கே காற்று மட்டும்தான். கொல்லையில் இரண்டு வாழை சாய்ந்துவிட்டது. மகளின் பிரசவத்துக்கு நீரும் மதினியும் ஆடி முதல் வாரம் சென்னைக்கு விமானத்தில் போகிறீர் என்பதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியில் "மாஞ்சோலை பஸ் ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தீர். மறக்கக்கூடியதா அது? மணிமுத்தாறு தாண்டி நாலாவது வளைவில் ஆரம்பித்து, மேலே போய்ச் சேரும்வரை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே வந்தவர் நீர். பின்னால் உட்கார்ந்திருந்தவர் திட்டிய திட்டுகூட எனக்கு நினைவிருக்கிறது.

ஆகவே உம் பயம் நியாயமானது. பஸ்ஸில் குமட்டுகிறவருக்கு விமானத்திலும் குமட்டலாம். நான் இரண்டு முறை தூத்துக்குடி வாகைகுளம் விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறந்திருக்கிறேன். முதல் முறை மானம் போனது. இரண்டாம் முறை ஒன்றும் ஆகவில்லை. இரண்டுக்கும் நடுவில் என் உடம்பு மாறவில்லை, நான் செய்தவைதான் மாறின.

முதல் பயணம் ஓர் ஆனி மாதம், மதியம் மூன்று மணி விமானம். அன்று காலை சொந்தத்தில் ஒரு கல்யாணத்தின் மறுவீடு. மறுவீடு என்றால் சொதி இல்லாமலா? தேங்காய்ப்பால் சொதியை இரண்டு முறை வாங்கி, உருளைக்கிழங்கு வறுவலும் இஞ்சித் துவையலுமாகச் சாப்பிட்டு, மேலே கொஞ்சம் அல்வா. பிறகு இரண்டு மணி நேரம் காரின் பின்சீட்டில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே போனேன். நிலையத்துக்குள் நுழையும்போதே வயிறு பாதி புரண்டிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. அந்தச் சின்ன புரொப்பல்லர் விமானத்தில் ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக. சீக்கிரம் இறங்கிவிடலாம் என்ற கெட்டிக்காரத்தனத்தில் கடைசி வரிசையைக் கேட்டு வாங்கியிருந்தேன். ஏறியதும் பத்திரிகையை விரித்தேன். கிளம்பிய பத்தாவது நிமிடம் அடுத்தடுத்துக் கொட்டாவி வந்தது. மதியத் தூக்கம் என்று நினைத்தேன். வாயில் உமிழ்நீர் ஊறியது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை. அப்போதும் பத்திரிகையை மடிக்கவில்லை. அடுத்த குலுக்கலில் எல்லாம் முடிந்தது. முன்சீட்டின் பையில் இருக்கவேண்டிய காகித உறை அன்று இல்லை. மிச்சத்தை நான் எழுதவேண்டியதில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அம்பாசமுத்திரத்தில் எனக்கு வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டு, "இது வயிற்றின் நோய் இல்லை, காதுக்கும் கண்ணுக்கும் வருகிற வழக்கு" என்றார். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றனவாம், உள்ளே நீர். தலை திரும்பினால் அந்த நீர் அசைந்து, திரும்புகிறோம் என்று மூளைக்குச் சொல்லும். ஏறி இறங்குவதைச் சொல்லப் பொடிப்பொடியான சுண்ணாம்புத் துகள்கள் வேறு. விமானம் தூக்கிப் போடும்போது காது அசைகிறோம் என்கிறது. கண்ணோ முன்சீட்டின் முதுகையோ பத்திரிகையையோ பார்த்து, எதுவும் அசையவில்லை என்று சாதிக்கிறது. இரண்டு சாட்சியும் ஒத்துப்போகாதபோது குமட்டல் வருகிறது. மாஞ்சோலை பஸ் டிரைவருக்கு ஏன் வாந்தி வருவதில்லை என்று யோசித்துப் பாரும். வளைவு அவர் கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

இது புரிந்த பிறகு மற்றதெல்லாம் எனக்குத் தானாகத் தெளிந்தது. முதலில் இருக்கை. ஏறி இறங்கி ஆடும் பலகையில் நடுவில் உட்கார்ந்தவனும் நுனியில் உட்கார்ந்தவனும் ஒன்றா? விமானமும் அப்படித்தான். இறக்கைப் பக்கத்தில் ஆட்டம் மிகக் குறைவு. வால் பக்கம் மேலும் கீழும் போவதோடு இடமும் வலமும் அலையும். உமக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இருக்கை உள்ள அந்தப் புரொப்பல்லர் விமானம்தான். அதில் இறக்கை கூரையோடு ஒட்டி மேலே இருக்கும், அதனால் இறக்கைக்குக் கீழே உட்கார்ந்தாலும் அடிவானம் மறைவதில்லை. புரொப்பல்லர் பக்கத்தில் இரைச்சல் கொஞ்சம் அதிகம். இரைச்சல் தலையை வலிக்கச் செய்யலாம், வயிற்றைப் புரட்டாது. உமக்கு ஜன்னல், மதினிக்கு உள்பக்கம். காலையில் வடக்கே பறக்கும்போது வெயில் வலப்பக்கம் அடிக்கும், ஆகவே இடப்பக்கத்தைக் கேளும். அடிவானத்தைக் கண் கூசாமல் பார்க்கலாம்.

காலை என்று எழுதினேனே, நீர் எந்த நேரத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறீர் என்று சொல்லவில்லை. மதியம் என்றால் மாற்ற முடியுமா என்று பாரும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, சூடான காற்று தூண் தூணாக மேலே எழும்பும்; அதற்குள் புகுந்து வருகிற விமானம் உதறும். அதோடு இது காற்றுக்காலம். செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் புகுந்து வருகிற காற்றுக்குத்தானே கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். பெரிய ஜெட் விமானம் 35,000 அடிக்கு ஏறி இதையெல்லாம் தாண்டிப் போய்விடும். இந்தச் சின்ன விமானம் 25,000 அடிக்கு மேல் ஏறாது, ஏறி இறங்கும் பாதையில் கழிகிற நேரமும் அதிகம். காலையில் தரை இன்னும் சூடாகியிருக்காது.

சாப்பாட்டில் நம் ஊர்க்காரர் செய்கிற தவறு இரண்டு விதம். ஒன்று என்னைப் போல மூக்குமுட்டச் சாப்பிடுவது. எண்ணெயும் தேங்காய்ப்பாலும் வயிற்றைவிட்டுக் கீழே இறங்க மணிக்கணக்காகும்; இஞ்சித் துவையல் பக்கத்தில் இருந்தும் என்னைக் காப்பாற்றவில்லை. இன்னொன்று, வாந்தி வரும் என்ற பயத்தில் பட்டினியாகப் போவது. வெறும் வயிறும் குமட்டும். இரண்டாம் முறை நான் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் இல்லாமல், கொஞ்சம் சட்னி தொட்டுச் சாப்பிட்டேன். காபி அரை டம்ளர். சட்டைப்பையில் நாலு உப்பு பிஸ்கட், வழியில் ஒன்று ஒன்றாகக் கடிக்க. தண்ணீர் மடக்கு மடக்காக. காரில் முன்சீட்டில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டு போனேன். நிலையத்துக்கு நல்ல வயிற்றோடு போய்ச் சேருவது பாதி வெற்றி.

இனி மருந்து. முதல் பயணத்துக்கு முன் ஒரு கடையில் வாந்திக்கு மாத்திரை என்று கேட்டேன், ஒண்டான்செட்ரான் கொடுத்தார்கள். வயிற்றுப்போக்கோடு வருகிற வாந்திக்கும், புற்றுநோய் மருந்தால் வருகிற வாந்திக்கும் அது நல்ல மருந்துதானாம். பயணக் குமட்டலுக்கு அவ்வளவாக உதவாது, அது வேறு வழியில் வருவது என்றார் டாக்டர். இதற்கு உரியவை காதிலிருந்து போகிற தகவலை மட்டுப்படுத்துகிற மாத்திரைகள். எனக்கு அவர் எழுதியது டைமென்ஹைட்ரினேட் 50 மில்லிகிராம். விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் போட்டேன். முன்னால் என்பதுதான் முக்கியம். குமட்டல் தொடங்கிவிட்டால் வயிறு வேலை நிறுத்தம் செய்துவிடும், விழுங்கின மாத்திரை அங்கேயே கிடக்கும், அல்லது திரும்பி வரும். தூக்கம் வரும் மருந்து, ஆகவே ஒரு நாள் வீட்டில் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டேன், சாய்வு நாற்காலியில் மூன்று மணி நேரம் தூங்கினேன். உம் தங்கச்சி, மருந்தில்லாமலும் நான் அப்படித்தான் என்கிறாள்.

ஆனால் முத்தையா, நீர் இதை அப்படியே வாங்கிப் போட்டுவிடாதீர். உமக்குக் கண்ணில் அழுத்தம் என்று சொட்டு மருந்து விடுகிறீர், இரவில் சிறுநீர் கழிக்க நாலு முறை எழுகிறீர். இந்த வகை மாத்திரைகள் சிலருக்குக் கண் அழுத்தத்தைக் கூட்டும், பிராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீரை அடைத்துவிடும். கண் டாக்டரிடமும் உம் டாக்டரிடமும் கேட்ட பிறகுதான். வேண்டாம் என்றால் விட்டுவிடும், இருக்கையும் இட்லியுமே உமக்குப் பெரும்பாலும் போதும்.

சுக்கு பற்றிக் கேட்டிருந்தீர். அதனால் சிலருக்குக் குணம் தெரிகிறது, சிலருக்கு இல்லை; மாத்திரை அளவுக்கு நம்பமுடியாது. அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடியை வெந்நீரில் கலந்து அரை மணி முன்னால் குடித்தால் கெடுதல் இல்லை. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் மட்டும் கேட்டுக்கொள்ளவேண்டும். எலுமிச்சம்பழம் ஒன்றை நானும் கையில் வைத்திருந்தேன், டவுன் பஸ்ஸில் ஆச்சிமார்கள் வைத்திருப்பார்களே, அதேபோல. பக்கத்தில் யாரோ பிரித்த பார்சலின் வாடையை அது மறைத்தது. மதினியிடம் அன்று மட்டும் மல்லிகைப்பூ வேண்டாம் என்று சொல்லும். நான் சொன்னதாகச் சொல்லாதீர்.

விமானத்துக்குள் நீர் கவனிக்கவேண்டியது கொட்டாவியை. வாந்திக்கு முன்னாலேயே அது வந்து சொல்லிவிடும், பிறகுதான் உமிழ்நீரும் வியர்வையும். முதல் கொட்டாவியிலேயே கையில் இருப்பதைக் கீழே வையும். தலையை இருக்கையின் மேல்பகுதியில் அழுத்திச் சாய்த்துக்கொள்ளும், தலை ஆடாவிட்டால் காதின் நீரும் அவ்வளவு ஆடாது. மேலே காற்று வருகிற குமிழைத் திருகி முகத்தில் படும்படி வைத்து, மூச்சை நிதானமாக எண்ணி விடும். பார்வை தூரத்து அடிவானத்தில் இருக்கட்டும், இறக்கையிலோ தரையில் ஓடுகிற சாலையிலோ வேண்டாம். மேகத்துக்குள் புகுந்து ஜன்னல் வெள்ளையாகிவிட்டால் பார்க்க ஒன்றும் இருக்காது. அப்போது கண்ணை மூடிக்கொள்ளும். எனக்கு இரண்டாம் பயணத்தில் மதுரைக்கு மேலே எங்கோ இரண்டு கொட்டாவி வந்தது. இவ்வளவும் செய்தேன். பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டது, சென்னையில் இறங்கியதும் பசித்தது.

அன்று முன்சீட்டுப் பையில் காகித உறை இருந்தது. பயன்படாததால் மடித்துக் கொண்டுவந்துவிட்டேன். உம் தங்கச்சி அதில் இத்தனை நாளாகக் கோயில் திருநீறு போட்டு வைத்திருந்தாள். உதறித் துடைத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். உட்கார்ந்ததும் உம் பையில் உறை இருக்கிறதா என்று பாரும். இல்லாவிட்டால் பணிப்பெண்ணிடம் கேளும், கூச்சப்படாதீர். அதற்குள் அவசரமென்றால் இது இருக்கிறது.

குழந்தை பிறந்ததும் ஒரு வரி எழுதும்.

உம் பழைய நண்பன்,
சங்கரன்